வெயிலுக்குச் சுருங்கிய கண்கள்

போன தீபாவளிக்குப் பாரிட் புந்தாருக்குப் போயிருந்தபோது பெரியம்மா வீட்டு வரவேற்பறையில் புதிதாக ஒரு படம் மாட்டியிருந்தது. இரண்டடி அகலம், தங்க நிறச் சட்டம், கண்ணாடி. படத்தில் ஒன்பது பேர். எல்லாரும் பிள்ளைகள் பார்க்கும் முப்பரிமாண அனிமேஷன் படத்திலிருந்து அப்படியே இறங்கி வந்தவர்கள்போல இருந்தார்கள். நடுவில் நின்ற பெண்மணிக்குத் தேன் நிறத்தில் அகன்ற கண்கள், சரிகை போட்ட சிவப்புப் பட்டுச்சேலை. தோலுக்குள் யாரோ விளக்கு ஏற்றி வைத்ததுபோல முகத்தில் ஒரு மினுக்கம்.

"யாருன்னு தெரியுதா?" என்று கேட்டார் அண்ணன்.

தெரியவில்லை. ஏதோ விளம்பரம் என்றுதான் நினைத்தேன்.

"நம்ம பாட்டிலா! தோட்டத்துல எடுத்த அந்தப் படம்தான். செயலியில போட்டேன், ஒரே நிமிஷம்."

அதன்பிறகு பின்னணியில் இருந்த கூரையைப் பார்த்துத்தான் அது எங்கள் லயம் என்று பிடிபட்டது. அண்ணனின் ஆறு வயது மகள் அந்தப் படத்தைக் காட்டி, "பாட்டி ரொம்ப அழகு" என்றாள். அவள் பாட்டியைப் பார்த்ததில்லை. பாட்டி இறந்தது 2012இல். பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்த அத்தை, அதாவது பாட்டியின் கடைசி மகள், படத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "எங்கம்மா இவ்ளோ செவப்பா இருந்தாங்களா?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனின் முகம் கொஞ்சம் சுருங்கிவிட்டது. ஆசைப்பட்டுச் செய்தவர். சட்டத்திற்கே தொண்ணூறு வெள்ளி கொடுத்திருக்கிறார்.

அண்ணனைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. 2021இல் முகத்தைக் கார்ட்டூனாக்கும் செயலிகள் வந்தபோதும், 2025 மார்ச்சில் ஜிப்லி பாணிப் படங்கள் முகநூலை நிறைத்தபோதும், நானும் என் முகத்தை அனுப்பிப் பார்த்தவன்தான். அது நம் முகம். மாறினால் சிரித்துவிட்டுப் போகலாம், அசல் நம்மிடமே இருக்கிறது. பாட்டியின் விஷயம் வேறு. அவர் நடு வயதில் எப்படி இருந்தார் என்பதற்கு எங்கள் குடும்பத்தில் அந்த ஒரு படம்தான் சாட்சி. அதனால் சுவரில் மாட்டிய படத்தை ஒரு படைப்பாக எடுத்துக்கொண்டு, அதில் என்ன நடந்திருக்கிறது என்று பார்க்க விரும்புகிறேன்.

முதலில் அசல். 1974 என்று பின்பக்கம் பென்சிலில் எழுதியிருக்கிறது. கறுப்பு வெள்ளை. மூன்றரை அங்குலத்துக்கு ஐந்து அங்குலம், அஞ்சலட்டையை விடக் கொஞ்சம் சின்னது. டவுனிலிருந்து வந்த படக்காரர் லயத்துக்கு முன்னால் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி எடுத்தது. சூரியன் தன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பது அன்றைய படக்காரர்களின் பால பாடம். எனவே படத்தில் இருப்பவர்கள் எல்லாரும் சூரியனைப் பார்த்து நிற்கிறார்கள், எல்லாருடைய கண்களும் சுருங்கியிருக்கின்றன. தாத்தா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. நேர் வெயிலில் வெள்ளைத் துணிக்கும் கறுத்த முகத்துக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசத்தை அந்தக் காலத்து அச்சுத்தாளால் ஒன்றாகத் தாங்க முடியாது. சட்டைக்கு ஏற்ப வெளிச்சம் வைத்தால் முகம் இருட்டில் மூழ்கும். அப்படித்தான் மூழ்கியிருக்கிறது. பாட்டியின் முகத்தில் நெற்றி மேடு, மூக்குத் தண்டு, கன்ன எலும்பு ஆகிய இடங்களில் மட்டும் வெயில் பட்டு மின்னுகிறது. மற்றதெல்லாம் நிழல்.

அண்ணன் இந்தப் படத்தைக் குழல் விளக்குக்குக் கீழே வைத்துக் கைப்பேசியில் எடுத்திருக்கிறார். அதைப் புலனத்தில் மகனுக்கு அனுப்பியிருக்கிறார். புலனம் அதை இன்னும் சுருக்கியிருக்கிறது. மகன் செயலியில் ஏற்றி, எங்கோ பார்த்த வரியை ஒட்டியிருக்கிறான்:

```
3D animated movie style, soft skin shading,
big expressive eyes, detailed fabric, happy family
```

மென்மையான தோல், பெரிய பேசும் கண்கள், நுணுக்கமான துணி. இந்த மூன்றும்தான் இன்று 'முப்பரிமாண அனிமேஷன் பாணி' என்பதற்கு விளக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கேட்க அலங்காரச் சொற்கள்போல இருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தொழில்நுட்பக் கதை உண்டு. பாட்டி எங்கே காணாமல் போனார் என்பதற்கான விடையும் அந்தக் கதைக்குள்தான் இருக்கிறது.

தோலிலிருந்து தொடங்குகிறேன், அத்தையும் அங்கிருந்துதான் தொடங்கினார்.

கணினி வரைந்த பழைய மனிதர்கள் நெகிழிப் பொம்மைகளைப்போல இருப்பார்கள். பிக்சார் நிறுவனம் 1988இல் எடுத்த 'டின் டாய்' குறும்படத்தில் ஒரு குழந்தை வரும். ஆஸ்கார் வாங்கிய படம்தான், ஆனாலும் அந்தக் குழந்தையைப் பார்த்தால் கொஞ்ச மனம் வராது. காரணம், கணினி அன்று ஒளியை மேற்பரப்போடு நிறுத்திக்கொண்டது. ஒளி பட்டது, திரும்பியது, அவ்வளவுதான். நிஜத் தோலில் ஒளியின் ஒரு பகுதி உள்ளே நுழைந்து, அடியில் சிதறி, சற்றுத் தள்ளி வேறோர் இடத்தில் வெளியே வருகிறது. அதிலும் சிவப்பு ஒளி அதிக தூரம் போகும். வெள்ளைக்காரக் குழந்தையின் காதுக்குப் பின்னால் சூரியன் இருந்தால் காது சிவந்து ஒளிர்வது இதனால்தான். 2001இல் ஜென்சன், மார்ஷ்னர், லெவாய், ஹான்ரஹன் ஆகிய நால்வரும் இந்தத் தோலடிச் சிதறலைக் கணினியில் கணக்கிட நடைமுறையான ஒரு வழியை எழுதினார்கள். அவர்களில் மூவருக்கு 2004இல் ஆஸ்கார் அமைப்பின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. பிக்சாரின் 'தி இன்க்ரெடிபிள்ஸ்' வந்ததும் அதே ஆண்டில்தான். அதில் மனிதத் தோலுக்கு இந்த வழியைக் கையாண்டார்கள். அதன்பிறகு அனிமேஷன் மனிதர்களுக்குத் தோல் வந்தது.

அந்த 2001 கட்டுரையில் புது முறையின் வலிமையைக் காட்ட அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள்களில் சலவைக்கல்லும் பாலும் உண்டு. பால் வெட்டியவர்களின் பேரன் என்பதால் எனக்கு இதைப் படித்தபோது வாளியில் இருக்கும் கித்தாப் பால்தான் நினைவுக்கு வந்தது. அதுவும் இப்படித்தான், ஒளியை உள்வாங்கிச் சிதறடித்து வெள்ளையாகத் தெரியும். ஆனால் அந்த வாளியைத் தூக்கிய கையின் தோல் அப்படி நடந்துகொள்ளாது. கறுத்த தோலின் மேலடுக்கில் மெலனின் அதிகம். உள்ளே போகும் ஒளியில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும். சிதறி வெளியே வருவது கொஞ்சம்தான். எனவே கறுத்த முகத்தின் அழகை நமக்குக் காட்டுவது மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் மினுமினுப்பு. எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து நெற்றியிலும் கன்ன எலும்பிலும் கூர்மையாக விழும் வெளிச்சம் அது. அந்த மங்கிய 1974 படத்தில் பாட்டியிடம் மிஞ்சியிருந்ததும் அது ஒன்றுதான்.

பிக்சாரில் வேலை பார்த்துவிட்டு யேல் பல்கலைக்கழகத்துக்குப் போன தியோடர் கிம், 2020இல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் இதைப் பற்றி எழுதினார். கணினி வரைகலை 'மனிதத் தோல்' என்று சொல்லிக்கொண்டு இத்தனை காலம் தீர்த்துவைத்தது வெள்ளைத் தோலின் சிக்கலைத்தான் என்பது அவர் வாதம். அதே ஆண்டில் வந்த 'சோல்' படத்துக்கு, கறுப்பினப் பாத்திரங்களுக்கு எப்படி வெளிச்சம் வைப்பது என்பதற்காக பிராட்ஃபோர்ட் யங் என்ற ஒளிப்பதிவாளரை ஆலோசகராக அழைத்தார்கள். அந்தப் படத்தில் பியானோ வாசிக்கும் ஜோவின் முகத்தைக் கவனித்துப் பாருங்கள். பாணி அதுவேதான், ஆனால் முகம் கறுப்பாகவே இருக்கிறது. ஒளி தோலின் மேல் விழுந்து வழிகிறது.

ஆகவே 'மென்மையான தோல்' என்று தட்டச்சு செய்யும்போது, இயந்திரத்திடம் ஒரு குறிப்பிட்ட தோலைக் கேட்டுவிடுகிறோம். அந்தச் சொற்களோடு இணையத்தில் கிடக்கும் படங்களில் பெரும்பாலானவை உள்ளொளி வீசும் இளந்தோல்கள். பாட்டியின் படமோ கறுப்பு வெள்ளை. அதில் நிறம் பற்றிய தகவலே இல்லை. இருட்டாக இருந்த முகத்தை நிறம் என்று எடுத்துக்கொள்வதா, நிழல் என்று எடுத்துக்கொள்வதா? 'மென்மை' என்ற சொல் கையில் இருந்ததால் இயந்திரம் நிழல் என்று முடிவு செய்து விளக்கைப் போட்டுவிட்டது. அத்தை கேட்ட கேள்விக்குத் தொழில்நுட்ப ரீதியான பதில் இதுதான்.

இப்படி நேர்ந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. நிழலும் வெளிச்சமும் சந்திக்கும் கோட்டைப் பாருங்கள். மூக்கின் நிழல் ஓரத்திலும் காது மடலிலும் ஆரஞ்சு நிறம் கசிந்தால், அடியில் இருப்பது வெளிர்ந்த தோல். மேலே பழுப்பு நிறம் பூசியிருக்கிறது, அவ்வளவுதான். மெழுகுப் பொம்மைக்கு மில்லோ பூசியதுபோல இருக்கும்.

இதில் நமக்கு ஒரு ஆறுதல் இருக்கிறது. மலேசியப் பிள்ளைகள் 2007லிருந்து 'உப்பின் இப்பின்' பார்த்து வளர்கிறார்கள். முத்து அங்கிள் கடையும் ராஜூவும் அவர்களுக்குத் தெரியும். பிக்சாரின் தோல் கணக்கெல்லாம் அதில் எதிர்பார்க்க முடியாது, சட்டென்று பார்த்தால் வழவழவென்றுதான் இருக்கும். ஆனால் முத்து அங்கிள் மாநிறமாகிவிடவில்லை.

அடுத்தது கண்.

மனித முகத்தின் அகலத்தை ஐந்து பங்காகப் பிரித்தால் ஒரு கண் ஒரு பங்கு. ஓவியம் கற்றுக்கொள்பவர்களுக்கு முதலில் சொல்லித்தரும் அளவு இது. அண்ணன் வீட்டுப் படத்தில் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். பாட்டியின் ஒரு கண் முகத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. கண் இவ்வளவு பெரிதானால் மற்றவை எல்லாம் இடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கன்ன எலும்பு கீழே இறங்குகிறது, மூக்கு சிறுக்கிறது, கண்ணோரச் சுருக்கங்களுக்கு இடமே இல்லாமல் போகிறது. தலை பெரிது, கண் பெரிது, மூக்கு சிறிது என்பது குழந்தையின் முக அளவு. இந்த அளவைப் பார்த்தால் நமக்குப் பாசம் சுரக்கிறது என்று கொன்ராட் லோரன்ஸ் 1943இலேயே எழுதினார். எட்டுப் பிள்ளை பெற்று, விடியற்காலை பெரட்டுக்குப் போய், மண்டோரிடம் வாய்ச்சண்டை போட்டு ஜெயித்த ஒரு பெண்ணைக் கொஞ்ச வேண்டிய பாப்பாவாக ஆக்கிவிட்டது அந்தக் கண்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. பாட்டிக்கு இடது கண் இமை சற்றுத் தொங்கியிருக்கும். மரம் சீவும்போது பட்டைச் சிராய் தெறித்துப் பட்டது என்று சொல்வார். அசலில் உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் அது தெரியும். வெயிலுக்கு வலது கண் பாதி மூடியிருக்க, இடது கண் முக்கால்வாசி மூடியிருக்கும். இயந்திரம் இரண்டையும் ஒரே அளவில் திறந்துவிட்டது. அது லட்சக்கணக்கான முகங்களின் பொதுமையைக் கற்றது. ஒருவருக்கு இடது பக்கம் கோணல், இன்னொருவருக்கு வலது பக்கம். எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் மிஞ்சுவது கோணலற்ற முகம்தான். திறந்த கண்ணுக்குள் கருவிழி வேண்டுமே? அசலில் அது இல்லை, இமைக்கு அடியில் இருக்கிறது. அதையும் இயந்திரமே செய்து வைத்தது. அனிமேஷனில் கருவிழியைக் கிண்ணம்போல உட்குழிவாக வடிப்பார்கள். மேலிருந்து வரும் ஒளி கிண்ணத்தின் கீழ்ப்பாதியில் தேங்கி அங்கே மட்டும் பளிச்சென்று தெரியும். தேன் நிறக் கண்ணில் இது எடுப்பாகத் தெரியும், நம் கறுத்த கருவிழியில் அவ்வளவாகத் தெரியாது. ஆகவே கண்ணுக்கும் தேன் நிறம் வந்துவிட்டது. சுவரிலிருந்து என்னைப் பார்க்கும் அந்தப் பார்வை பாட்டியுடையது இல்லை. அவர் அன்று யாரையும் பார்க்கவில்லை. வெயில் தாங்காமல் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முப்பரிமாண அனிமேஷன் என்றாலே பெரிய கண், மென்மையான தோல் என்பது அந்தப் படங்களுக்கே நியாயம் செய்யாத வர்ணனை. பிக்சார் 1997இல் எடுத்த 'கெரிஸ் கேம்' ஒரு கிழவர் தனியாகச் சதுரங்கம் ஆடும் கதை. முகம் முழுக்கச் சுருக்கம். 2009இல் வந்த 'அப்' படத்தின் கார்ல் தாத்தாவுக்குச் சதுரமான தலை, தடித்த கண்ணாடிக்குப் பின்னால் கண். 2017இல் வந்த 'கோகோ'வில் மாமா கோகோ என்ற மூதாட்டியின் முகம் காய்ந்த வயல்போல வெடித்திருக்கும். படத்தின் உச்சக் காட்சியே அந்தச் சுருக்கங்களுக்கு நடுவே ஒரு நினைவு திரும்புவதுதான். அந்தக் கலைஞர்கள் ஒரு கிழவியை உட்கார வைத்து, இவள் முகத்தில் எதைப் பெரிதாக்கினால் இவள் இன்னும் இவளாவாள் என்று யோசித்திருக்கிறார்கள். கேலிச்சித்திரக்காரரும் இதையேதான் செய்வார். மிகைப்படுத்துவது என்பது தேர்ந்தெடுப்பது. நம் கைப்பேசியில் இருப்பது அந்தப் படங்களின் சுவரொட்டிகளை எல்லாம் சேர்த்து அரைத்த மாவு. அதில் எந்தத் தேர்வும் இல்லை, யாரைப் போட்டாலும் ஒரே தோசை.

சரி, முகத்தை அப்படியே வைத்துக்கொண்டால் பிழைக்கலாமா என்றால் அதற்கும் நம் மொழியிலேயே அனுபவம் இருக்கிறது. 2014இல் 'கோச்சடையான்' வந்தபோது திரையரங்கில் நான் விசிலடிக்கத் தயாராகத்தான் போனேன். ரஜினியின் அசைவு, ரஜினியின் குரல், ரஜினியின் முகம், ஆனால் கண்ணில் ரஜினி இல்லை. நிஜத்துக்கு மிக நெருங்கி வந்து கொஞ்சம் தவறினால் உருவம் பிணம்போல உறுத்தும் என்று மசாஹிரோ மோரி 1970இல் சொன்ன பள்ளத்தில் விழுந்த படம் அது. ஆக, முகத்தை எளிமைப்படுத்துவதில் தவறில்லை. எதை விட்டு எதை வைத்துக்கொள்வது என்பதில்தான் சங்கதி.

துணி விஷயத்தில் ஒரு வேடிக்கை. பாட்டி அன்று கட்டியிருந்தது நைலக்ஸ் சேலை. அந்தக் காலத்தில் தோட்டத்துப் பெண்களுக்குத் தீபாவளிச் சேலை என்றால் அதுதான். மெலிதாக, வழுக்கிக்கொண்டு, துவைத்தால் உடனே காயும். கசங்காது, கூர்மையான மடிப்பும் நிற்காது, உடம்போடு ஒட்டித் தொங்கும். அசலில் அந்தத் தொங்கல் அப்படியே தெரிகிறது. இயந்திரத்திடம் 'நுணுக்கமான துணி' என்று கேட்டதால் அது நுணுக்கத்தைக் கொட்டிவிட்டது. கனத்த பட்டு, அகலமான சரிகைக் கரை, ஒவ்வொரு இழையும் கண்ணுக்குத் தெரிகிற நெசவு. அந்த இழைதான் காட்டிக்கொடுக்கிறது. ஐந்தரை அடி உயரப் பெண் முழு உருவமாகத் தெரியும் தூரத்திலிருந்து பார்த்தால் சேலையின் இழை கண்ணுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால், ஒன்று அந்த இழை கயிறு அளவுக்குத் தடித்திருக்க வேண்டும், அல்லது அந்தப் பெண் ஒரு சாண் உயரப் பொம்மையாக இருக்க வேண்டும். நம் கண் இந்தக் கணக்கைத் தானாகவே போட்டுவிடுகிறது. இந்த வகைப் படங்களில் எல்லாரும் காரணம் தெரியாமலே பொம்மைபோலத் தோன்றுவதற்கு முகத்தைவிடத் துணிதான் அதிகக் காரணம் என்பது என் கணிப்பு.

கட்டும் தப்பு. சேலை ஒரே துணி. இடுப்பில் செருகி, கொசுவம் வைத்து, சுற்றி வந்து, மார்பைக் கடந்து இடது தோளில் ஏறி முந்தானையாகப் பின்னால் விழும். அண்ணன் வீட்டுப் படத்தில் கரையை விரலால் தொடர்ந்து போனேன். இடுப்பில் தொடங்கிய கரை மார்பில் நின்றுவிட்டது. தோளில் கிடப்பது வேறு கரை, வேறு பூ. கொசுவம் தைத்த பாவாடையாகிவிட்டது. அனிமேஷன் கூடங்களில் துணியை உடம்பின் மேல் போட்டு அதன் எடையையும் இழுப்பையும் கணக்கிட்டுத்தான் விழ வைப்பார்கள். கெரியின் கோட்டு அப்படிச் செய்ததுதான். இங்கே எந்தக் கணக்கும் நடக்கவில்லை, சேலை கட்டிய தோற்றம் மட்டும் வரையப்பட்டிருக்கிறது. பட்டணத்து ஸ்டூடியோக்களில் முன்பு கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டுவார்கள். அவர்களும் வெளுப்பாக்கினார்கள், இல்லாத நகைக்கு மஞ்சள் புள்ளி வைத்தார்கள். ஆனால் தூரிகையை எடுக்கும் முன் சேலை என்ன நிறம் என்று கேட்க ஒரு ஆள் இருந்தார்.

அன்று சாயங்காலம் அண்ணனிடம் இதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "அப்ப நீயே செஞ்சு காட்டு" என்று மடிக்கணினியைத் தள்ளினார். இரண்டு பேரும் இரவு பதினொன்றரை வரை உட்கார்ந்தோம்.

முதல் வேலை அசலை ஒழுங்காக ஸ்கேன் செய்வது. படத்தில் பாட்டியின் முகம் 5 மில்லிமீட்டர் அகலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற வழக்கமான அளவில் ஸ்கேன் செய்தால் முகத்துக்குக் கிடைப்பது சுமார் 60 பிக்சல். இது எவ்வளவு குறைவு என்பதற்கு ஒரு கணக்கு. இந்த வகை இயந்திரங்களில் பரவலாக அறியப்பட்ட ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்புகள், படத்தை நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒன்றாகச் சுருக்கித்தான் உள்ளே வைத்துக்கொள்ளும். 60 பிக்சல் முகம் அங்கே எட்டுக் கட்டங்களுக்குள் அடங்கிவிடும். கேரம் பலகை அளவுகூட இல்லை, தாயக் கட்டம். அதில் தொங்கிய இமைக்கு எங்கே இடம்? 1200 புள்ளியில் ஸ்கேன் செய்தோம். முகம் 230 பிக்சலுக்கு மேல் வந்தது. ஒன்பது பேரையும் ஒன்றாக அனுப்பாமல் பாட்டியை மட்டும் தோளுக்கு மேல் வெட்டி எடுத்தோம்.

அடுத்தது, அசலை எவ்வளவு மதிப்பது என்ற அளவு. இயந்திரம் முதலில் நம் படத்தின்மேல் அலை கிடைக்காத தொலைக்காட்சிபோலப் புள்ளிகளைத் தூவுகிறது. பிறகு நாம் கொடுத்த சொற்களை வைத்து அந்தப் புள்ளிகளைத் துடைக்கிறது. எவ்வளவு தூவ வேண்டும் என்பதை சில மென்பொருள்களில் 0க்கும் 1க்கும் இடையில் நாமே வைக்கலாம். ஒரே நிமிடத்தில் முடித்துத் தரும் கைப்பேசிச் செயலிகள் பெரும்பாலும் இதை நம் கண்ணில் காட்டுவதில்லை. 0.7இல் வந்தவர் யாரோ. 0.3இல் பாட்டி இருந்தார், ஆனால் அது படத்துக்கு மேல் மெழுகு தடவியதுபோல இருந்தது, அனிமேஷன் இல்லை. 0.45 அருகில் முதல்முறையாக அண்ணன், "இந்தா, வாய் வந்துருச்சு" என்றார். பாட்டி வெற்றிலை போட்ட வாயை ஒரு பக்கமாக இறுக்கியிருப்பார். அது வந்திருந்தது.

சொற்களையும் மாற்றினோம். நிறம் தெரிய வேண்டுமே என்று அத்தையைக் கூப்பிட்டேன். யோசிக்கவே இல்லை. "கத்திரிப்பூ கலரு. கரையே கெடையாது, மடிச்சுத் தச்சிருப்பாங்க. அப்பா பாரிட் புந்தார் கடையில எடுத்தது, அம்மாவுக்குப் புடிக்கல, ஆனா அதையேதான் கட்டுனாங்க." ஐம்பது வருடம் கறுப்பு வெள்ளையாக இருந்த படத்தில் எனக்கு நிறம் தெரிந்தது அந்த நிமிடத்தில்தான். முதலில் 'சரிகை வேண்டாம்' என்று எழுதினோம், சரிகை இன்னும் தடிமனாக வந்தது. பல இயந்திரங்களுக்கு 'வேண்டாம்' சரியாகப் புரிவதில்லை, சரிகை என்ற சொல்தான் காதில் விழுகிறது. ஆகவே இருப்பதை மட்டும் சொன்னோம்:

```
3D animated film style, woman aged 45
very dark brown skin, hard noon sunlight, sharp highlights
narrowed eyes squinting at the sun, black irises
thin plain purple nylon sari, smooth, narrow stitched hem
```

'மென்மை', 'பெரிய', 'நுணுக்கம்' மூன்றையும் எடுத்துவிட்டோம். ஏழாவதோ எட்டாவதோ முயற்சியில் ஒரு முகம் வந்தது. கறுப்பு. நெற்றியில் வெயில். இடுங்கிய கண். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா, இங்க வாங்க" என்று பெரியம்மாவைக் கூப்பிட்டார். பெரியம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, "மாமியா!" என்றார். குரலில் மரியாதையும் கொஞ்சம் பயமும் இருந்தது.

இமை மட்டும் வரவில்லை. இடது இமை தொங்கியிருக்கிறது என்று எழுதினால், சில முறை வலது இமை தொங்கியது, சில முறை இரண்டும் தொங்கித் தூங்குமூஞ்சியானார். படத்தின் இடதா, ஆளின் இடதா என்பதில் இயந்திரத்துக்கு எப்போதும் குழப்பம். அந்த இடத்தை மட்டும் கையால் திருத்தலாம், கை தேர்ந்த ஓவியர் வேண்டும். சேலைக்கட்டும் மார்புக்குக் கீழே வந்தால் மறுபடி பாவாடைதான். அதனால் தோளோடு நிறுத்திக்கொண்டோம். அண்ணன் மகள் தூங்கப் போகும் முன் வந்து எட்டிப் பார்த்தாள். "இந்தப் பாட்டி கோவமா இருக்காங்க" என்றாள். "வெயிலு கண்ணு" என்று அண்ணன் அவளுக்குச் சொல்லத் தொடங்கினார், லயம் எது, வாசல் எது, சூரியன் எந்தப் பக்கம் என்று. சுவரில் எந்தப் படம் இருக்கப் போகிறது என்பதை அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. பெரிய படத்தைக் கழற்றவும் இல்லை. தொண்ணூறு வெள்ளிச் சட்டமாயிற்றே.

நான் ஸ்கேன் செய்த அசலைத் திரையில் பெரிதாக்கி வைத்திருந்தேன். அத்தை கிட்டே வந்து உட்கார்ந்து, படத்தின் வலது ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். பாட்டியின் முந்தானை நுனியை ஒரு சின்னக் கை பிடித்திருக்கிறது. முழங்கைக்கு மேல் ஆள் இல்லை, படம் அங்கே முடிந்துவிடுகிறது. சுவரில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே அந்த இடத்தில் செம்பருத்திச் செடி ஒன்று பூத்திருந்தது.

"என்னயும் நிக்கச் சொன்னாங்க. படக்காரரப் பாத்து பயந்து ஓடப் பாத்தேன்" என்றார் அத்தை. "அது என் கை."